"போர்டு போச்சு" என்று சொன்னால் காசு கொடுக்கும் முன் அடாப்டர் வயர் முடிகிற இடத்துப் பச்சைத் துண்டைத் தொட்டுப் பாருங்கள்

புளியரை செக்போஸ்டைத் தாண்டி ஆரியங்காவு ஏறும் ரோட்டோரம் எனக்கு ஒரு டீக்கடை. கார்த்திகை பிறந்தால் ராத்திரி பகல் கிடையாது, சாமிமார் வண்டி வந்துகொண்டே இருக்கும், கடையில் பாட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் போன வருஷம் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், நாலு ஸ்பீக்கர் என்று ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லி மாட்டினேன். ஆள் பேரும் ஊரும் வேண்டாம், சொன்னால் சண்டை வரும். நடந்ததை மட்டும் சொல்கிறேன், இதே மாதிரி உங்கள் கடையிலோ கோயிலிலோ நடந்தால் உதவும்.

மாட்டி மூன்று வாரம் ஒழுங்காகப் பாடியது. அப்புறம் ராத்திரி பத்து பதினொன்றுக்கு மேல் தவில் அடி பலமாக வருகிற இடத்தில் ‘டப்’ என்று நின்றுபோகும், ரெண்டு நொடியில் தானே உயிர் வரும். காலையில் போட்டால் ஒரு குறையும் இருக்காது. கூப்பிட்டேன், வந்தார், பார்த்தார், "போர்டு போச்சு அண்ணாச்சி" என்றார். போர்டு 1,450, கூலி 350. சரியாகிவிட்டது. எட்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. "அடாப்டர் தாங்கல அண்ணாச்சி, வேற போடணும்." அடாப்டர் 900, கூலி 350. மறுபடி ஒன்பது நாள். மூன்றாம் முறை வந்தபோது, இந்த ஆம்பே லாயக்கில்லை, 7,500 ரூபாய்க்கு நல்லதாக ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். அதுவரை 3,050 ரூபாய் போயிருந்தது. சபரிமலை சீசனில் கடை வைத்திருப்பவனுக்குப் பாட்டு நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். நானும் சரி என்று சொல்லவே இருந்தேன்.

அந்த வாரம்தான் என் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூரில் பேனல் போர்டு வயரிங் செய்கிற இடத்தில் வேலை. பாட்டு நின்றதும் அவள் ஆம்ப் பக்கமே போகவில்லை. நேராக அடாப்டர் வயர் முடிகிற இடத்துக்குப் போனாள். அடாப்டரின் உருண்டைப் பின்னை நேராக வயரோடு சேர்க்க முடியாது என்பதால் நடுவில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் துண்டு போடுவார்கள், ஒரு பக்கம் பின் சொருகுகிற ஓட்டை, மறுபக்கம் ரெண்டு ஸ்குரூ. அதை விரலால் தொட்டவள் சட்டென்று கையை எடுத்தாள். "மாமா, இதைத் தொட்டுப் பாருங்க." டீ கிளாஸ் மாதிரி சுட்டது. பச்சை நிறம் பிளஸ் பக்கம் பழுப்பாகியிருந்தது. இத்தனை நாளாக அது என் கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நான் ஒரு நாள் தொட்டதில்லை.

அவளிடம் மல்டிமீட்டர் இருந்தது. பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு அளந்தாள். அடாப்டர் தருவது 24.1 வோல்ட், ஆம்புக்கு வந்து சேருவது 22.6. ஒன்றரை வோல்ட் வழியில் தொலைகிறது. அப்புறம் மீட்டரின் ஒரு முள்ளை ஸ்குரூத் தலையிலும் மறு முள்ளை அந்த ஸ்குரூவுக்குள் போகிற வயரின் செம்பிலும் வைத்தாள். நல்ல இணைப்பாக இருந்தால் அங்கே சில மில்லிவோல்ட்தான் காட்ட வேண்டுமாம். காட்டியது 1.1 வோல்ட். ஆம்ப் அப்போது இழுத்தது 3 ஆம்பியர். ரெண்டையும் பெருக்கினால் 3.3 வாட். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் நாம் ரேடியோவுக்கு ஈயம் வைக்கிற பற்றுகோல் 25 வாட், அதில் எட்டில் ஒரு பங்கு சூடு புளியங்கொட்டை அளவு பிளாஸ்டிக்குக்குள் ராத்திரி முழுக்க அடைந்து கிடக்கிறது. சூடு ஏற ஏறப் பிடி இன்னும் விடும், பலமான அடி வருகிற நேரம் தொடர்பு ஒரு கணம் அறுந்து ஆம்ப் செத்துப் பிழைக்கும். காலையில் ஆறிக் கிடப்பதால் ஒன்றும் தெரியாது.

ஆஃப் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, ஸ்குரூவைக் கழற்றி வயரை வெளியே எடுத்தாள். நுனி வெள்ளியாகப் பளபளத்தது, நடுவில் ஸ்குரூ அழுத்திய இடத்தில் மட்டும் நசுங்கித் தட்டையாக இருந்தது. "இதுக்கு யாரு மாமா ஈயம் வச்சது?"

நான் அதுவரை ஈயம் வைத்தால் சுத்தமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இழைகள் பிரியாது, பார்க்கவும் அழகு. அவர் மாட்டும்போது எனக்கு முன்னால் பற்றுகோலைப் பிடித்து ஒவ்வொரு நுனிக்கும் ஈயம் பூசியதைப் பார்த்து, ஆள் தொழில் தெரிந்தவர் என்று டீ கூடக் காசு வாங்காமல் கொடுத்தேன். விஷயம் என்னவென்றால் ஈயம் மிருதுவான சாமான். ஸ்குரூ அடியில் விடாமல் அழுத்தம் இருந்தால் அது நாளாக ஆக மெல்ல நசுங்கி ஓரத்துக்கு ஒதுங்கும். சூடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். வயர் மெலியும், ஸ்குரூ மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும், அதுவாக இறங்கி வந்து பிடிக்காது. திரும்ப முறுக்கினால் சில நாள் ஓடும், மறுபடி ஒதுங்கும். இப்போது யோசித்தால் கணக்கு சரியாக வருகிறது. வந்த ஒவ்வொரு முறையும் அவர் எல்லா ஸ்குரூவையும் ஒரு திருகு திருகிவிட்டுப் போனார். அந்தத் திருகல்தான் வைத்தியம், போர்டும் அடாப்டரும் பில்லுக்கு.

அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஈயம் பட்ட நுனியை முழுக்க வெட்டி எறிந்தாள். ஈயம் உறைக்குள்ளும் கொஞ்சம் ஏறியிருக்கும், விறைப்பான பகுதி முடிகிற இடத்தில்தான் ஆட்டத்தில் வயர் ஒடியும் என்று இன்னும் ஒரு விரற்கடை சேர்த்தே வெட்டினாள். புது நுனியைப் பச்சைத் துண்டின் ஓட்டைக்குப் பக்கத்தில் வெளியே வைத்துப் பார்த்து 6 மில்லிமீட்டர் உரித்தாள். கூடுதலாக உரித்தால் செம்பு வெளியே தெரிந்து பக்கத்து வயரைத் தொடும், குறைவாக உரித்தால் ஸ்குரூ உறையைத்தான் கடிக்கும், வெளியே பார்க்க இறுக்கமாக இருக்கும், உள்ளே கரண்ட் போகாது. உரித்தது ஸ்ட்ரிப்பரால், அந்த வயர் அளவுக்கான பள்ளத்தில் வைத்து. என் வயரில் 32 இழை. பழைய நுனியில் இழைகளை அவள் எண்ணிக் காட்டியபோது மைனஸ் பக்கம் 25தான் இருந்தது, மீதி ஏழும் பிளேடு வைத்து உரித்ததில் உறையோடு போயிருக்கிறது.

இழைகளை வயரின் முறுக்கு ஓடுகிற திசையிலேயே ஒரு முறுக்கு முறுக்கி, ஈயம் இல்லாமல் அப்படியே சொருகலாம். கம்பெனியில் ஃபெர்ரூல் என்று ஒரு சின்ன குழாய்த் தொப்பி மாட்டி அழுத்துவார்களாம். அவள் பையில் இருந்தது, அதையே போட்டாள். அதை நசுக்க அதற்கான கருவி வேண்டும், கொரடால் நசுக்கினால் உருவிக்கொண்டு வந்துவிடும். கருவி இல்லாதவர்கள் வெறும் முறுக்கிய செம்பையே போடுங்கள்.

சொருகும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது. இந்தத் துண்டுகளில் பலவற்றில் ஸ்குரூ நேராக வயரை அழுத்தாது. உள்ளே ஒரு உலோகக் கூண்டு இருக்கும், ஸ்குரூவைத் திருகினால் கூண்டு மேலே ஏறி வயரைப் பிடிக்கும். கூண்டு பாதி ஏறி நிற்கும்போது வயரை விட்டால் அது கூண்டுக்குள் போகாமல் கீழ்ச் சந்தில் போய்விடும். ஸ்குரூ இறுகும், கைக்கும் இறுகின மாதிரி இருக்கும், வயரைப் பிடிக்க மட்டும் அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் ஸ்குரூவை இடப்பக்கமாக முழுக்கத் தளர்த்தி, செல்போன் லைட்டைப் பிடித்து ஓட்டைக்குள் கூண்டு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வயரை விடணும். முறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகப் பிடித்து இழுக்கணும். அவள் இழுத்த இழுப்பில் அந்தப் பச்சைத் துண்டே கையோடு வந்தது, வயர் வரவில்லை. வெறும் இழையாகப் போட்டால் மறுநாள் இன்னொரு முறை முறுக்கச் சொன்னாள், இழைகள் முதல் நாள் படிந்து கொஞ்சம் தளருமாம்.

கருகிய துண்டை எறிந்துவிட்டுப் புதுசு போட்டோம், 40 ரூபாய். அதே சத்தத்தில் அளந்தபோது ஆம்பில் 23.8. ஸ்குரூ இணைப்பில் 20 மில்லிவோல்ட் கூட இல்லை, மீதி வயர் நீளத்துக்கான இழப்பு.

ஸ்பீக்கர் பக்கம் ஆம்பின் பின்னால் சிவப்பு கருப்பு ஸ்பிரிங் கிளிப். தட்டை அழுத்தினால் ஓட்டை திறக்கும், விட்டால் கடிக்கும். இங்கே ஈயம் வைத்திருந்தாலும் பெரிய கேடில்லை, வயர் மெலிந்தால் ஸ்பிரிங் கூடவே வந்து பிடிக்கும். இங்கே அவர் பண்ணியது வேறு. ரெண்டு வயரில் ஸ்பிரிங் உறையைக் கடித்திருந்தது. ஒன்றில் தப்பிய ஒற்றை இழை பக்கத்துக் கிளிப்புக்கு முடி அளவில் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி ஆம்பில் மைனஸும் சும்மா எர்த் இல்லை, அதிலும் சத்தம் ஓடும், ரெண்டும் தொட்டால் அப்போதுதான் நிஜமாகவே போர்டு போகலாம். 10 மில்லிமீட்டர் உரித்து, நன்றாக முறுக்கி, உறை ஓட்டை வாயில் நிற்கும்வரை சொருகி, விட்டு இழுத்துப் பார்த்தால் போதும்.

வயரைப் பற்றியும் ஒன்று. செம்பு வயர் என்று பில் போட்டிருந்தார். வெளி ஸ்பீக்கருக்குப் போன வயரின் ஒரு இழையை அவள் பிளேடால் சுரண்டினாள், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. ரெண்டு மூன்று தடவை மடக்கினதும் படக்கென்று ஒடிந்தது.

ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது அடாப்டராக இல்லாமல் ஓட்டை ஓட்டையாகத் தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ் என்றால், அதில் 230 வோல்ட் ஸ்குரூவும் 24 வோல்ட் ஸ்குரூவும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கும். அதில் கரண்ட் இருக்கும்போது மீட்டர் முள்ளைக் கூடக் கொண்டுபோகாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

‘தாங்காத’ பழைய அடாப்டர் கல்லாவுக்கு அடியில் பையிலேயே கிடந்தது. அவள் மாட்டிப் பார்த்தாள், 24.1. இப்போது அதில்தான் பாட்டு ஓடுகிறது, மகரவிளக்கும் தாண்டிவிட்டது, பச்சைத் துண்டு கைக்குச் சூடே தெரியவில்லை. 900 ரூபாய் அடாப்டர் ஸ்பேராகச் சும்மா இருக்கிறது. பழைய போர்டை அவர் அன்றே எடுத்துப் போய்விட்டார், நான் ரெண்டு முறை போன் போட்டுக் கேட்டேன். "தேடிப் பாக்கேன் அண்ணாச்சி" என்கிறார்.