கார்டே மாற்றாமல் 2,200 ரூபாய் வாங்கிய கடை: ‘டீபால்ட் கேட்வே’ கோளாறில் நான் ஏமாந்த விதம்

மதுரை திருநகரில் இருக்கிறேன். நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் தொழில். லேப்டாப் இல்லையென்றால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. பைபாஸ் ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் மொத்தம் 5,450 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. எந்த இடத்தில் ஏமாந்தேன், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் பதினாறாம் தேதி. சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் நெட் இல்லை. வைஃபை குறியின் மேல் மஞ்சள் முக்கோணம். விண்டோஸிலேயே இருக்கும் நெட்வொர்க் டிரபிள்ஷூட்டரை ஓட்டினேன். அது காட்டிய வாசகம் இது:

```
The default gateway is not available
```

பக்கத்தில் பச்சைக் குறியோடு ‘Fixed’ என்றும் இருந்தது. நெட்டும் வந்துவிட்டது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தால் மறுபடியும் அதே கதை. அடுத்த நாள் மூன்று முறை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் சொன்னேன். “மாமா, கமாண்ட் பிராம்ப்டில் ipconfig /all என்று அடித்து, வருவதை முழுசாகப் போட்டோ எடுத்து அனுப்புங்க. நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் பார்க்கிறேன்” என்றான். அனுப்பினேன். ஆனால் இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி ரிட்டர்ன் போட வேண்டும். அவன் ஷிப்ட் முடியும்வரை பொறுக்காமல் கடைக்கு போன் செய்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

கடைப் பையன் வீட்டுக்கு வந்தான். லேப்டாப்பில் அதே டிரபிள்ஷூட்டரை ஓட்டினான், நெட் வந்தது. “சார், கேட்வேன்னா ரவுட்டர்தான். ரவுட்டர் இல்லைன்னு விண்டோஸே சொல்லுது பாருங்க. பழைய பெட்டி, போச்சு” என்றான். கையோடு கொண்டு வந்திருந்த புது ரவுட்டரைப் பழைய பைபர் பெட்டிக்குப் பின்னால் மாட்டினான். ரவுட்டர் 2,850, வந்து போன சார்ஜ் 400.

அவன் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பிவிட்டேன். டீபால்ட் கேட்வே என்பது வீட்டு ரவுட்டரின் உள்பக்க முகவரிதான். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். வெளியே போக வேண்டிய எல்லாவற்றையும் லேப்டாப் அந்த வாசலுக்குத்தான் அனுப்புகிறது. ஆனால் விண்டோஸ் சொல்வது ‘அந்த வாசலை என்னால் எட்ட முடியவில்லை’ என்று மட்டும்தான். வாசல் இடிந்து கிடக்கிறதா, இல்லை வீட்டுக்காரனுக்குக் கால் நடக்கவில்லையா என்பது அந்த வரியில் இல்லை. லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு தூங்கிப் போனாலும் இதே வரிதான் வரும். (இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஊரில் அடாப்டர் என்றால் ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டி. விண்டோஸ் அடாப்டர் என்று சொல்வது அந்த வைஃபை கார்டை. கடைக்காரர் ‘அடாப்டர் கோளாறு’ என்றால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

பையன் போய் இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் அதே வாசகம். அப்போது என் மகள் ஹாலில் உட்கார்ந்து அதே புது வைஃபையில் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வெவ்வேறு ரவுட்டரில் ஒரே கோளாறு, பக்கத்தில் இருக்கும் போனுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். முதலாளி பார்த்துவிட்டு, “உள்ளே வைஃபை கார்டு அவுட் சார். மாத்தணும், 2,200 ஆகும்” என்றார். அப்படியானால் ரவுட்டர் எதற்கு என்று கேட்டதற்கு, “ரெண்டுமே வீக்கா இருந்துச்சு” என்றார். மறுநாள் மாலை லேப்டாப்பைக் கொடுத்தார். அவசரத்துக்குப் போன் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்து ரிட்டர்னை முடித்தேன். இருபத்தொன்றாம் தேதி மதியம் தூங்கி எழுந்து பார்த்தால் மறுபடியும் மஞ்சள் முக்கோணம்.

இந்த முறை மருமகன் வீடியோ காலில் கூடவே இருந்தான். நெட் போன நிலையிலேயே லேப்டாப்பை வைத்துக்கொள்ளச் சொன்னான். டிரபிள்ஷூட்டரைத் தொடக்கூடாது என்றான். அது செய்வது வைஃபை கார்டை ஒரு முறை அணைத்துப் போடுவதுதான். தொட்டால் தடயம் போய்விடும். கார்டு அணைந்து எழும்போது ரவுட்டரும் அதைப் புதிதாகச் சேர்த்துக்கொள்வதால், ‘Fixed’ என்று வந்ததை மட்டும் வைத்து யார் மேலும் பழி போட முடியாது.

முதலில் மகளின் போனில் பிரவுசரைத் திறந்து ரவுட்டரின் முகவரியை அடிக்கச் சொன்னான். புது ரவுட்டருக்கு அது 192.168.0.1. லாகின் பக்கம் உடனே வந்தது. போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபை பெயரில்தான் இருக்கின்றனவா என்று கேட்டான். போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் லேப்டாப் 2.4-லும் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. ரவுட்டரில் ஒரு பட்டை மட்டும் கெட்டிருக்கலாம். லேப்டாப்பைத் தொடாமல், அது இருந்த 2.4-க்கே போனையும் மாற்றிப் பார்த்தோம். போனுக்கு அப்போதும் பக்கம் வந்தது. அப்புறம் லேப்டாப்பில் இதை அடித்தேன்:

```
ping 192.168.0.1
```

பதில் வந்தது, ஆனால் ரவுட்டரிடமிருந்து அல்ல. என் லேப்டாப்பின் சொந்த முகவரியிலிருந்தே ‘Destination host unreachable’ என்று வந்தது. ஐபி முகவரி இருக்கிறது, கேட்வே முகவரியும் இருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் அந்தப் பக்கம் ஆள் இல்லை. பழைய லேன் கேபிள் ஒன்றை எடுத்து ரவுட்டரையும் லேப்டாப்பையும் நேராக இணைத்ததும் நெட் ஓடியது. ஆக ரவுட்டர் சரி, விண்டோஸ் சரி, வைஃபை கார்டு மட்டும் பேசவில்லை.

ரவுட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தால் இந்தப் படம் வேறாக இருக்கும். வீட்டில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் நிற்கும், ரவுட்டரின் லாகின் பக்கமே எதிலும் திறக்காது, லேப்டாப்பைத் தொடாமல் ரவுட்டரை மட்டும் அணைத்துப் போட்டால் எல்லாம் திரும்பி வரும். நெட் கம்பெனியின் லைன் போனால் அதுவும் வேறு. அப்போது வெளி உலகம்தான் வராது, கேட்வேயைப் பிங் செய்தால் பதில் வந்துகொண்டே இருக்கும்.

“ஆனா மாமா, கார்டு புதுசுன்னு சொன்னீங்களே?” என்றான். பழையபடி ipconfig /all அடித்துப் போட்டோ அனுப்பச் சொன்னான். இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். ‘Wireless LAN adapter Wi-Fi’ என்ற பகுதியில் ‘Physical Address’ என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி. அது கார்டு செய்யப்படும்போதே அதில் பதியும் எண். ஒரே கம்பெனி, ஒரே மாடல் கார்டு என்றாலும் இந்த எண் மாறும். கடைக்கு போன் செய்வதற்கு முன்னால் நான் அனுப்பிய போட்டோவிலும், கடையிலிருந்து வந்த பிறகு எடுத்த போட்டோவிலும் பன்னிரண்டு எழுத்தும் அச்சு அசல் ஒன்றே. கார்டை யாரும் மாற்றவே இல்லை. (விண்டோஸின் வைஃபை அமைப்பில் ‘Random hardware addresses’ என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. என் லேப்டாப்பில் அது ஆஃப்பில்தான் இருந்தது.)

கோளாறு என்ன என்பதும் அன்றே தெரிந்தது. நான் தொடர்ந்து வேலை செய்யும்போது ஒரு முறைகூட நெட் போகவில்லை, எழுந்து போய்விட்டு வந்தால்தான் போயிருக்கிறது என்பதை அவன்தான் கேட்டு எடுத்தான். கரண்ட் மிச்சம் பிடிக்க விண்டோஸ் கார்டைத் தூங்க வைக்கிறது, அது சரியாக எழுந்திருக்கவில்லை. Device Manager-இல் ‘Network adapters’ கீழே வைஃபை கார்டின் Properties, அதில் ‘Power Management’ தாள். ‘Allow the computer to turn off this device to save power’ என்பதில் இருந்த டிக்கை எடுத்தேன். சில புது லேப்டாப்புகளில் அந்தத் தாளே இருக்காதாம். இல்லையென்றால் அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் வழியாகப் போகலாம்.

எனக்கும் டிரைவர் தேவைப்பட்டது. டிக்கை எடுத்த பிறகு நான்கு நாள் சரியாக ஓடி, ஐந்தாம் நாள் காலையில் மூடியைத் திறந்ததும் ஒரு முறை அதே வாசகம் வந்தது. Driver தாளில் தேதியைப் பார்த்தால், கோளாறு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் விண்டோஸ் அப்டேட் புது டிரைவர் ஒன்றைப் போட்டிருந்தது. ‘Roll Back Driver’ பொத்தான் மங்கலாகக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டு முந்தைய வைஃபை டிரைவரை இறக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆகிறது, வரவில்லை. செலவு பூஜ்யம்.

இரண்டு போட்டோவையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கழற்றிய பழைய கார்டைக் கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டாச்சு என்றார். மாட்டிய கார்டுக்குப் பில் கேட்டேன். அவர் முன்னால் தந்தது வெறும் துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண்கூட இல்லை. அதைக் கணக்குப் பார்க்கிறவனிடமே கொடுத்த தைரியத்தை என்ன சொல்ல! போட்டோக்களை மேஜையில் வைத்து, எண்ணைக் காட்டி, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசட்டுமா என்று கேட்டேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தவர், “பையன் பண்ணின தப்பு, எனக்குத் தெரியாதுண்ணே” என்று 2,200-ஐ எண்ணிக் கொடுத்தார். அதுவரை சார், அதற்கு மேல் அண்ணே.

ரவுட்டரை டப்பா பிரித்தாகிவிட்டது என்று திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அது இப்போது பரண் மேல் இருக்கிறது, பழைய பைபர் பெட்டியிலேயே வீடு முழுக்க ஓடுகிறது. அந்த 400 ரூபாயையும் கேட்டுப் பார்த்தேன். “அது வந்து போன பெட்ரோலுண்ணே” என்றார்.