இயர்பட்ஸும் இரண்டு ஆண்டுகளும்: இணைய மறுத்த நாளில் கண்டறிந்தது

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக ஒரே இயர்பட்ஸைத்தான் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய அன்று அதை ஆண்ட்ராய்டு போனுடன் இணைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்ததும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. போனின் ப்ளூடூத் பக்கத்தில் Pair new device என்பதைத் தொட்டு, பட்டியலில் வந்த பெயரைத் தேர்ந்தெடுத்ததும் பாட்டு கேட்டது. சில நாள் கழித்து மடிக்கணினியுடனும் அவ்வாறே இணைத்துக்கொண்டேன்.

சிக்கல் எட்டாவது மாதத்தில் வந்தது. வலது பக்கம் திடீரென ஒலிக்காமல் போகவே, கையேட்டில் இருந்தபடி இரண்டையும் பெட்டியில் வைத்து, அதன் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி ரீசெட் செய்தேன். அதன் பிறகு போன் இணையவே இல்லை. பழைய பெயரைத் தொட்டால் Connecting என்று காட்டிவிட்டு, சற்று நேரத்தில் பழையபடி Saved என்ற நிலைக்கே திரும்பிவிடும். போனை அணைத்துப் போட்டும் பயனில்லை.

முதன்முறை பேரிங் செய்யும்போது போனும் இயர்பட்ஸும் தமக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியைச் சேமித்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த நாள்களில் எதையும் கேட்காமல் இணைவது அதனால்தான். ரீசெட் செய்ததில் இயர்பட்ஸ் தன் பிரதியை அழித்துவிட்டது, போனோ பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருந்தது. எனவே போனில் அந்தப் பெயருக்கு அருகிலுள்ள சக்கரக் குறியைத் தொட்டு, Forget கொடுத்து, அதன் பின்னரே புதிதாகத் தேட வேண்டும்.

அப்படித் தேடியபோது பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. இடதும் வலதும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நிற்கின்றன என்பதற்கு அது அடையாளம். வலது பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அடியில் இருக்கும் இரண்டு செம்புநிறப் புள்ளிகளின் மேல் காதழுக்கு மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. அதனால் அது பெட்டியில் இருந்தும் சார்ஜ் ஏறவில்லை, நான் அழுத்திய ரீசெட்டும் அதைச் சென்றடையவில்லை. உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றி, போனில் வந்திருந்த இரண்டு பெயர்களையும் நீக்கிவிட்டு மறுபடி ரீசெட் செய்ததும் ஒரே பெயர் வந்தது, இரு பக்கமும் ஒலித்தன. முதலிலேயே துடைத்திருந்தால் ரீசெட்டுக்கே வேலை இருந்திருக்காது.

அன்று மாலை மடிக்கணினியும் இணைய மறுத்தது. இம்முறை யோசிக்கவில்லை, அதிலும் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்தேன்.