தானியங்கி ரிப்போர்ட் மெயில்: ஃபைலை அட்டாச் செய்வதா, லிங்க் கொடுப்பதா?

சர்வரில் இரவு கிரான் ஓடி, எக்செல் ரிப்போர்ட் உருவாகி, 12 பேருக்கு மெயிலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபைலை மெயிலோடு அட்டாச் செய்யலாம், அல்லது ஃபைலை ஓரிடத்தில் வைத்துவிட்டு லிங்க் மட்டும் அனுப்பலாம். என் சாய்வு லிங்க் பக்கம்தான். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் எந்த வழிக்கும் சரியாக இருக்க வேண்டும். அதில் வித்தியாசமில்லை.

அட்டாச்மென்டின் அளவுக் கணக்கில் பலரும் ஏமாறுகிறார்கள். மெயிலில் ஃபைல் பேஸ்64 வடிவில்தான் பயணிக்கிறது. 3 பைட்டுக்கு 4 எழுத்து, அதோடு வரி முறிவுகளும் சேர்வதால் ஏறக்குறைய 37 சதவீதம் பெருகும். போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரின் இயல்பு வரம்பு 10240000 பைட். மாதத் தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே போகும் ரிப்போர்ட் நாளுக்கு 0.7 எம்பி வளர்கிறது என்றால், 10ஆம் தேதி 7 எம்பி ஃபைல் மெயிலில் 9.6 எம்பி ஆகித் தப்பிவிடும். 11ஆம் தேதி 7.7 எம்பி ஃபைல் 10.5 எம்பி ஆகி, அந்த வரம்பை மாற்றாமல் விட்டிருக்கும் எந்தச் சர்வரிலும் திரும்பிவிடும். அடுத்த மாதம் 1ஆம் தேதி மறுபடி ஒழுங்காகப் போகும். அதனால்தான் "சில நாள் வருது, சில நாள் வரலை" என்ற புகார் வருகிறது. ஜிப் செய்து தப்பிக்கலாம் என்றால், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் உள்ளுக்குள் ஏற்கெனவே ஜிப்தான், சுருங்காது. சிஎஸ்வி என்றால் நன்றாகவே சுருங்கும். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால் ஃபில்டரால் உள்ளே பார்க்க முடியாது, சந்தேகப்பட்டுப் பிடித்து வைக்க வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னை லிங்க் பக்கம் தள்ளுவது வேறொன்று: அட்டாச்மென்ட் போய்ச் சேராதபோது அனுப்பியவருக்குத் தெரிவதே இல்லை. அளவால் திரும்பும் மெயில், ரிட்டர்ன் பாத்தில் உள்ள முகவரிக்குப் போகும். கிரான் அனுப்பினால் அது பெரும்பாலும் `www-data@` போன்ற, யாரும் திறக்காத பெட்டி. லாக்கைப் பார்த்தால்தான் இப்படி ஒரு வரி கிடக்கும்:

```
status=bounced (message size 10534112 exceeds size limit 10240000 of server ...)
```

ஸ்பேம் ஃபில்டர் தனியே எடுத்து வைத்தால் இன்னும் மோசம். எதிர்ச் சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டு 250 என்று பதில் சொல்லிவிடும், பிறகுதான் முடக்கும். நம் லாக்கில் `status=sent` என்றே இருக்கும். கிரானும் வெற்றி என்றே சொல்லும்.

லிங்க் என்றால் ஃபைல் நம் கையில் இருக்கிறது. லாகின் செய்து இறக்கியவர்களின் பெயரை அக்சஸ் லாக் காட்டும். மதியத்துக்குள் 12 பேரில் 9 பேர்தான் எடுத்திருந்தால் மீதி 3 பேரிடம் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: பல நிறுவனங்களின் ஃபில்டர் மெயிலில் உள்ள லிங்கைத் தானே ஒருமுறை திறந்து பார்க்கும். அதனால் வெறும் கிளிக்கை எண்ணாதீர்கள், லாகினுக்குப் பிந்தைய டவுன்லோடை மட்டும் எண்ணுங்கள். ஒருமுறைதான் திறக்கும் லிங்க் வைத்தால், ஆள் வருவதற்குள் ஃபில்டரே அதைத் தீர்த்துவிடும்.

லிங்கின் பராமரிப்புத் தொல்லை காலாவதி. ஃபைல் எஸ்3-இல் இருந்தால் நேரடியாக இப்படிச் செய்யத் தோன்றும்:

```
aws s3 presign s3://reports/2025-03-11.xlsx --expires-in 604800
```

604800 நொடி என்பது 7 நாள், அதுவே உச்சம். ஆனால் சர்வர் தற்காலிக ரோல் சான்றைக் கொண்டு கையெழுத்திட்டால், அந்தச் சான்று முடியும்போதே லிங்கும் செத்துவிடும். அதிகாலையில் போன லிங்க் மதியம் திறக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே மெயிலில் உங்கள் டொமைனின் நிலையான முகவரியைக் கொடுங்கள். லாகின் ஆனதும் 5 நிமிடம் செல்லும் லிங்கை அந்தப் பக்கமே உருவாக்கி அனுப்பட்டும். ஃபைல் பெயரில் தேதி இருக்கட்டும், நேற்றையதன் மேல் இன்றையதை எழுதாதீர்கள்.

லிங்க் மெயிலையும் ஃபில்டர் பிடிக்கும். அனுப்புநர் டொமைனும் லிங்கின் டொமைனும் ஒன்றாக இருந்தால் ஆபத்து குறையும். குறுக்கிய முகவரி, ஐபி எண், கண்ணுக்கு ஒரு முகவரி காட்டி வேறிடம் போகும் லிங்க் ஆகியவை சந்தேகத்தைக் கிளப்பும். முக்கியமான நாலைந்து எண்களை மெயில் உடலிலேயே எழுதிவிட்டால், பலர் ஃபைலைத் திறக்கவே தேவையிராது. ஆனால் அவர்கள் டவுன்லோட் கணக்கில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

லாகின் கொடுக்க முடியாத வெளி ஆடிட்டருக்கும் இணையமில்லாமல் படிப்பவருக்கும் அட்டாச்மென்ட்தான் வசதி. அவர்களுக்கு மேக்ரோ உள்ள எக்ஸ்எல்எஸ்எம் வேண்டாம், 1 எம்பிக்குள் சுருக்கிய பிடிஎஃப் போதும். ரிட்டர்ன் பாத்தில் யாராவது படிக்கும் முகவரியைப் போடுங்கள்.