சுவரைத் தொட்டு நடப்பதா, திருப்பங்களை எண்ணுவதா?

புதிர்ப்பாதையில் வழி தெரியாவிட்டால் வலது கையைச் சுவரில் வைத்து, எடுக்காமல் நடந்துகொண்டே இரு என்பார்கள். எல்லாச் சுவர்களும் வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால் இது தப்பாது. முட்டுச்சந்துகளுக்குள் எல்லாம் போய்வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வெளிச்சுவரோடு ஒட்டாத தனிச்சுவர் ஒன்று நடுவில் இருந்தால் கதை மாறும். அதைத் தொட்டபடி தொடங்கினால் அதையே சுற்றிச் சுற்றி வருவோம். புறப்பட்ட இடத்துக்கே, அதே திசையைப் பார்த்தபடி வந்து நின்றால் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம்.

இதற்கு மாற்று பிளெட்ஜ் முறை. ஜான் பிளெட்ஜ் இதைச் சொன்னபோது அவருக்கு வயது 12. ஒரு திசையைப் பிடித்து, வடக்கு என்று வைத்துக்கொள்வோம், நேரே நட. சுவர் இடித்தால் இடப்பக்கம் திரும்பி, வலது கையால் அதைப் பிடித்துக்கொள். இடது திருப்பத்துக்கு ஒன்றைக் கழி, வலதுக்கு ஒன்றைக் கூட்டு. கணக்கு 0 ஆனதும் சுவரை விட்டுவிட்டு மறுபடி வடக்கே நட.

வடக்கு நோக்கியதுமே சுவரை விடலாமே, எண்ணுவது எதற்கு? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கிழக்குச் சுவரின் நடுவில் மட்டும் வாசலுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வடசுவரில் இடித்து இடப்பக்கம் திரும்பினால் -1. அடுத்த மூன்று மூலைகளிலும் இடதுதான்: -2, -3, -4. இப்போது கிழக்குச் சுவரோரம் வடக்கைப் பார்த்து நிற்கிறோம். திசையை மட்டும் நம்பிக் கையை எடுத்தால் வாசலைத் தாண்டி நேரே போய் அதே வடசுவரில் இடிப்போம். காலம் முழுக்க அதே சுற்றுதான். கணக்கு -4 என்பதால் கையை எடுக்காமல் போனால், வாசலில் கை தானாக வலப்பக்கம் இழுக்கும்: -3. வெளியே வந்ததும் மறுபடி வலது, -2. அறையின் வெளிமூலைகள் இரண்டில் -1, 0. வடக்கே வழி திறந்திருக்கும், சுவரை விட்டுவிடலாம்.

ஆனால் பிளெட்ஜ் வெளியேற மட்டும்தான் உதவும். வெளியிலிருந்து நடுவில் உள்ள இலக்குக்குப் போக அதை நம்ப முடியாது. அங்கே சுவர் விதியும் தோற்கலாம். இலக்கு தனிச்சுவர்களுக்கு நடுவே இருந்தால், ஒரு சுற்றுச் சுற்றி நுழைந்த வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

அதற்குத் திரேமோ முறைதான் சரி. 1882-இல் எதுவார் லூக்கா தன் கணிதப் புதிர் நூலில் இதை விளக்கியிருக்கிறார். ஒரு பாதையில் நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட வேண்டும். புதுப் பாதை வழியாகப் பழைய சந்திக்கே வந்துவிட்டால் வந்தபடியே திரும்ப வேண்டும். மற்றபடி கோடில்லாத பாதைக்கு முதலிடம், அது இல்லையென்றால் ஒரு கோடு உள்ளது, இரண்டு கோடு உள்ள பாதையில் காலே வைக்கக் கூடாது. எந்தப் புதிர்ப்பாதையிலும் இது கைகொடுக்கும். கையில் சுண்ணக்கட்டி மட்டும் வேண்டும்.