விமானம் தாமதம் என்று வந்த செய்தியை நம்பி விடுதி அறையிலேயே இருந்து ஏமாந்த கதை

பிற்பகல் 2.10 மணிக்குப் புறப்பட வேண்டிய என் விமானம் மாலை 6.30 மணிக்குத்தான் புறப்படும் என்ற செய்தி காலை 9.20 மணிக்கு என் கைபேசிக்கு வந்தது. நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து விமான நிலையத்துக்கு 50 நிமிடப் பயணம். பெட்டிகளை ஒப்படைக்கும் கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பு மூடப்படும் என்பது பயணச்சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அப்படியானால் 5.30 மணி வரை நேரம் இருக்கிறது, 3.20 மணிக்குக் கிளம்பினாலே தாராளம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் எதுவும் பிழையில்லை. ஆனால் நான் விமான நிலையத்தை அடைந்தபோது மணி 4.10, விமானமோ 4.20க்குப் புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது. பெட்டிக் கவுண்டர், நான் விடுதி அறையைப் பூட்டிக்கொண்டிருந்த அதே 3.20 மணிக்கு மூடப்பட்டிருந்தது. கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, என்னை நேரத்துக்கு வராத பயணி, அதாவது ‘நோ-ஷோ’ என்று பதிவு செய்தாகிவிட்டதாகச் சொன்னார்.

நான் விசாரிக்காமல் அலட்சியமாக இருந்தவன் அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். செய்தி வந்த இருபது நிமிடங்களில் விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, “தாமதமாக வந்தால் போதுமா?” என்று கேட்டேன். “புதிய புறப்பாட்டு நேரம் மாலை 6.30 சார், அதற்குத் தகுந்தபடி நீங்கள் வரலாம்” என்று பதில் வந்தது. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பின்னர் புகார் கொடுத்தபோது, அந்தப் பதில் அன்றைய நிலவரத்தைச் சொன்னது மட்டுமே, செக்-இன் நேரம் மாற்றப்பட்டதாக எங்கும் சொல்லப்படவில்லை என்று எழுத்தில் விளக்கம் தந்தார்கள். பயண நிபந்தனைகளைத் தேடிப் படித்தால், தாமதம் அறிவிக்கப்பட்டாலும், வேறு நேரம் தெரிவிக்கப்படாத வரையில் பயணி பயணச்சீட்டில் உள்ள நேரத்தின்படியே வந்து சேர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் இப்படி ஒரு வரி உண்டு. ஆகவே தொலைபேசியில் கேட்பதானால், “விமானம் எப்போது புறப்படும்?” என்று கேட்டுப் பயனில்லை. “என் பெட்டியை எத்தனை மணி வரை வாங்கிக்கொள்வீர்கள், அதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்ப முடியுமா?” என்று கேட்க வேண்டும். அனுப்ப மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு, பழைய நேரத்துக்கே கிளம்பிவிட வேண்டும்.

நடந்ததை அடுத்த சில நாட்களில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் வேறொரு நகரத்தில் தொழில்நுட்பக் கோளாறால் நின்றுவிட்டது. அது சரியாகி, அங்கிருந்து பறந்து வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப 6.30 ஆகும் என்பதே காலையில் அவர்கள் போட்ட மதிப்பீடு. ஆனால் 1.25 மணியளவில், வேறு தடத்தில் போய்த் திரும்பி வந்து எங்கள் விமான நிலையத்திலேயே நின்றுகொண்டிருந்த இன்னொரு விமானத்தை எங்கள் பயணத்துக்கு ஒதுக்கினார்கள். புறப்பாடு 4.20க்கு முன்னுக்கு வந்தது. எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்ட திறமையான வேலை என்று அவர்கள் பெருமைப்பட்டிருக்கக்கூடும். அந்த விமானத்தில் ஏறியவர்களுக்கு அது நல்ல செய்திதான்.

இதில் எனக்கு வலித்த இடம் இன்னொன்று. விமானத் தடமறியும் செயலியில் நானும் பார்த்திருந்தேன். 12.45 மணிக்குப் பார்த்தபோது, எங்களுக்கு வர வேண்டிய விமானம் இன்னும் முந்தைய நகரத்தில் தரையில்தான் இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். நான் பார்த்த விமானம் அதன் பிறகும் அங்கேயேதான் நின்றது. எங்கள் பயணத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அறுந்துபோனதை மட்டும் நான் பார்க்கவில்லை. ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் நம் பயண எண்ணைத் தேடினால், அதற்கு ஒதுக்கப்பட்டுள்ள விமானத்தின் பதிவெண் பெரும்பாலும் தெரியும்; அந்தப் பதிவெண்ணைத் தொட்டால் அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்பது தெரியும். விமானத்தை மட்டும் தொடர்ந்து கவனித்தால் போதாது. ஒவ்வொரு முறையும் பயண எண்ணிலிருந்து தொடங்கி, பதிவெண் அதேதானா என்று பார்த்த பிறகே அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பதிவெண் மாறவில்லை என்றாலும்கூட என் கணக்கு தப்பாகவே இருந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த நகரத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பறக்கும் நேரம் 2 மணி 10 நிமிடம். ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானம் வந்திறங்கி, பயணிகளை இறக்கி, எரிபொருள் நிரப்பி, அடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப ஏறக்குறைய 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்; இரட்டை நடைபாதை கொண்ட பெரிய விமானம் என்றால் ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். 12.45க்கு நான் பார்த்த அந்த நிமிடமே அது சரியாகி மேலேறியிருந்தால், எங்கள் விமானம் 3.45க்கே கிளம்பியிருக்க முடியும். அதாவது பெட்டிக் கவுண்டர் 2.45க்கே மூடப்பட்டிருக்கலாம். 6.30 என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு, 3.45 என்பதுதான் அதற்கு முன் கிளம்பவே முடியாது என்ற எல்லை. விடுதியை விட்டு எப்போது கிளம்புவது என்பதை இந்த இரண்டாவது நேரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். விமானம் அங்கே தரையில் நிற்கும் வரை அந்த எல்லையும் நிமிடத்துக்கு நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். சில செயலிகள் உலகப் பொது நேரத்தைக் காட்டும்படி அமைந்திருக்கும் என்பதால், உள்ளூர் நேரத்தைத்தான் பார்க்கிறோமா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த எல்லையை எவ்வளவு நம்பலாம் என்பது நாம் எந்த விமான நிலையத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த நிறுவனத்தின் தலைமைத் தளமாக இருக்கும் பெரிய நிலையத்தில் அவர்களுடைய பல விமானங்கள் வருவதும் போவதுமாக இருக்கும். எந்த நேரத்திலும் ஒன்றை எடுத்து இன்னொரு பயணத்துக்குக் கொடுத்துவிட முடியும். நான் இருந்தது அப்படிப்பட்ட இடம். நாளொன்றுக்கு ஓரிரு விமானங்கள் மட்டுமே வந்துபோகும் சிறிய நிலையம் என்றால் மாற்று விமானம் வானத்திலிருந்து குதித்துவிடாது. வர வேண்டியது வந்துதான் ஆக வேண்டும். அங்கே அது இன்னும் கிளம்பாமல் இருந்தால், அறையில் கொஞ்சம் கூடுதலாக இருந்துகொள்வதில் ஆபத்து குறைவு.

தாமதத்தின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் இதனால்தான் முக்கியமாகிறது. முந்தைய இரவு தாமதமாக வந்த பணிக்குழுவினருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஓய்வு முடியவில்லை என்பது காரணமானால், மாற்றுக் குழு கிடைத்தாலொழிய அந்த நேரம் முன்னுக்கு வராது. மாறாக, வானிலை அல்லது வான்வழி நெரிசல் காரணமாகப் புறப்பாட்டு நேர ஒதுக்கீடு தள்ளிப்போயிருக்கிறது என்றால், அதைவிட நிலையற்றது வேறில்லை. மூடுபனி விலகினாலோ, வரிசையில் முன்னே இருந்த விமானம் ஒன்று ரத்தானாலோ, அந்த ஒதுக்கீடு சட்டென்று முன்னுக்கு வரும். அதைப் பிடிப்பதற்காகவே பயணிகளை முன்கூட்டியே ஏற்றி, கதவை மூடிவைத்துக் காத்திருப்பதும் உண்டு. தொழில்நுட்பக் கோளாறு இரண்டுக்கும் நடுவே நிற்கும். பத்து நிமிடத்தில் சரியாவதும் உண்டு, இரவு வரை இழுப்பதும் உண்டு.

முன்னுக்கு வந்த நேரத்தை எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் உண்மையில் என்னை ஏமாற்றியது. பயணச்சீட்டை ஒரு பயண முகவர் மூலம் எடுத்திருந்தேன். முன்பதிவில் என் எண்ணையும் மின்னஞ்சலையும் போடாமல், தங்கள் அலுவலக எண்ணையும் முகவரியையும் போட்டிருக்கிறார்கள். காலையில் வந்த செய்தியே அவர்கள் எனக்கு அனுப்பிவைத்த நகல்தான். விமான நிறுவனம் நேரடியாக அனுப்பியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1.25க்கு வந்த இரண்டாவது செய்தி முகவரிடமே கிடந்து, மாலை 4.55க்கு, விமானம் பறந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு வந்து சேர்ந்தது. உரிய நேரத்தில் வந்திருந்தால், சாப்பாட்டைப் பாதியில் விட்டாவது 2.30க்கெல்லாம் கவுண்டரில் நின்றிருப்பேன். முகவரோ, செய்திகளை அனுப்பிவைப்பது தங்கள் கடமை அல்ல, வாடிக்கையாளர் மீதான அன்பினால் செய்வது என்றார். விமான நிறுவனம், முன்பதிவில் உள்ள எண்ணுக்குத் தகவல் அனுப்பியதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்றது. இருவருடைய பதிலும் தாளில் பார்த்தால் சரியாகவே இருக்கும். பணம் போனது எனக்கு. முன்பதிவு எண்ணைக் கொண்டு விமான நிறுவனத்தின் தளத்துக்குள் போய், தொடர்பு விவரத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். தாமதச் செய்தி வந்ததும் நான் முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான்.

இழப்பு அந்த ஒரு பயணத்தோடு நிற்கவில்லை. போகும் பயணத்தைப் பயன்படுத்தவில்லை என்று பதிவானதால், அதே சீட்டில் இருந்த திரும்பும் பயணமும் தானாக ரத்தாகிவிட்டது. இது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றே கவுண்டரில், திரும்பும் பயணத்தையாவது காப்பாற்றித் தரும்படி கேட்டிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டே என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயணிகளுக்குச் சாதகமானது என்று பெயர் பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதியிலும், செக்-இன் நேரத்துக்குள் நேரில் வந்திருப்பது ஒரு நிபந்தனை. நீண்ட தாமதம் அறிவிக்கப்பட்டதால் விமான நிலையத்துக்கே வராமல் இருந்துவிட்ட பயணிக்கு அந்த இழப்பீடு கிடையாது என்று 2024 ஜனவரியில் அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கைப்பையை மட்டும் எடுத்துச் செல்பவர்கள், இணையத்திலேயே செக்-இன் முடித்துப் போர்டிங் பாஸ் வைத்திருந்தால், பெட்டிக் கவுண்டர் என்ற சுவர் அவர்களுக்கு இல்லை. பாதுகாப்புச் சோதனையும் ஏறும் வாயில் மூடும் நேரமும் மட்டுமே கணக்கு. அன்று என்னிடம் அனுப்பியே ஆக வேண்டிய பெட்டி ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் பழைய நேரத்துக்கே போய்விடுகிறேன். நீண்ட தாமதம் என்றால் பெட்டிக் கவுண்டரைத் தாமதமாகத் திறப்பதும் உண்டு என்பதால், பெட்டியோடு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார நேர்கிறது. அந்த நாற்காலியிலிருந்து கவுண்டர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிகிறது.