தீக்குச்சியைக் காட்டி ஸ்மோக் டிடெக்டர் விற்கிறார்கள், செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதைத் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். தீப்பாதுகாப்பு வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் 14 ஸ்மோக் டிடெக்டர் மாட்டினார். ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரர் முன்னால் ஒரு காகிதத்தைக் கொளுத்தி டிடெக்டருக்குக் கீழே பிடித்தார். சில நொடிகளில் அலறியது. "பார்த்தீங்களா அண்ணே, ஃபர்ஸ்ட் கிளாஸ் சாமான்" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பில்லில் போட்டிருந்தது போட்டோ எலெக்ட்ரிக் என்ற வகை. மாட்டியதோ 14-ம் அயனைசேஷன் என்ற வேறு வகை. அந்தக் காகிதச் சோதனையில்தான் சூட்சுமமே இருக்கிறது.

அயனைசேஷன் டிடெக்டருக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு நடுவில் உள்ள காற்றை அயனியாக்குவதால் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகைத் துகள்கள் உள்ளே வந்து அயனிகளைப் பிடித்துக்கொண்டால் மின்னோட்டம் குறையும், அலாரம் அடிக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயிலிருந்து வரும் துகள்கள் கண்ணுக்கே தெரியாத அளவு பொடியானவை, எண்ணிக்கையில் ஏராளம். அவற்றை இது உடனே பிடிக்கும். எரியும் காகிதத்தைக் காட்டினால் எந்த அயனைசேஷன் டிடெக்டரும் முதல் வகுப்பில் தேறிவிடும்.

போட்டோ எலெக்ட்ரிக்கில் ஓர் இருட்டறை, அதற்குள் ஒரு எல்.இ.டி. விளக்கு, அந்த வெளிச்சம் நேராக விழாத கோணத்தில் ஓர் ஒளி உணரி. பருமனான புகைத் துகள் உள்ளே புகுந்து வெளிச்சத்தைச் சிதறடித்தால் உணரிக்குத் தெரிந்துவிடும். மெத்தை, தலையணை, மரம், ஒயர் உறை ஆகியவை கொழுந்து விடாமல் கனன்று புகைந்தால் எழும் தடித்த புகைக்கு ஏற்றது இதுதான். கொழுந்துத் தீயில் அயனைசேஷன் முந்துவது பெரும்பாலும் அரை நிமிடம், ஒரு நிமிடம்தான். கனன்று புகையும் தீயில் போட்டோ எலெக்ட்ரிக் பல பத்து நிமிடங்கள்கூட முந்தும். படுக்கையறைக்கு எது வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

அந்த வீட்டில் நடந்ததும் இதுதான். வளவு அறை ஒன்றில் கொசுவர்த்திச் சுருள் சாய்ந்து இலவம்பஞ்சு மெத்தையில் பட்டது. பஞ்சு கொழுந்து விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போனது. அறை முழுக்கப் புகை மூடி, தங்கியிருந்தவர் இருமி எழுந்து கதவைத் திறந்து வெளியே வரும்வரை டிடெக்டர் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் அதில் பேட்டரி சரியாக இருந்தது. அடுப்படியில் மாட்டியதோ நேர்மாறு. கடுகு, வரமிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கத்தியதால் சமையல்கார ஆச்சி ஒரே வாரத்தில் அதன் பேட்டரியைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டார். ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. காயும் எண்ணெயிலிருந்து எழும் நுண்துகளும் அயனைசேஷன் டிடெக்டருக்குத் தீயாகத்தான் தெரியும்.

இடம் பார்த்து மாட்டியதிலும் ஏமாற்றுதான். எட்டு வளவு அறைகளிலும் சுவரில் ஏழடி உயரத்தில் இருந்தன. கூரை பதினான்கு அடி, அவருடைய ஏணி எட்டிய உயரம் ஏழடி. புகை மேலே போய்க் கூரையடியில் பரவி, பிறகுதான் கீழே இறங்கும். ஏழடிக்கு அது வரும்போது அறையில் பாதி நிறைந்திருக்கும். டிடெக்டர் கூரையில் இருக்க வேண்டும். சுவரில்தான் முடியும் என்றால் கூரையிலிருந்து 10 முதல் 30 சென்டிமீட்டருக்குள். சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று அசையாது என்பதால் அந்த 10 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். மின்விசிறி இறக்கையின் நுனியிலிருந்தும், ஏ.சி. காற்று வாயிலிருந்தும், குளியலறைக் கதவிலிருந்தும் மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள் ஓடும் கூரையாக இருந்தால் கட்டைகளின் அடிப்பக்கத்தில் மாட்டுங்கள், நடுவில் உள்ள பள்ளத்தில் வேண்டாம்.

மாடி அறைகளுக்கு ஒரு விதிவிலக்கு. நம்மூர் வெயிலில் மொட்டைமாடித் தளம் காய்ந்து, கூரையடியில் ஒரு சூடான காற்றுப் படலம் நிற்கும். கனன்று வரும் புகைக்குச் சூடு குறைவு, அந்தப் படலத்தைத் துளைத்து மேலே போகாமல் கீழேயே தங்கிவிடும். அங்கே வெயில் படாத உட்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே மாட்டுவதே நல்லது.

வளவைச் சுற்றி நாலு மூலையிலும் நாலு மாட்டியிருந்தார்கள். எண்ணிக்கை கூட்டத்தான். முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கிறது, புகை அதன் வழியே போய்விடும். முகப்பிலிருந்து பின்கட்டுவரை நேர்கோட்டில் வாசல்கள் வைத்த வீட்டில் காற்றும் சும்மா இருக்காது. அயனைசேஷன் டிடெக்டரில் காற்று வேகமாகப் புகுந்தால் அயனிகளை அடித்துக்கொண்டு போய் வீண் அலாரம் கொடுக்கும். அந்த நாலையும் எடுத்துவிட்டு, மூடிய மாடிப்படி நடையில் ஒன்றும் மேல்தளக் கூடத்தில் ஒன்றும் வைத்தால் போதும்.

அறை எட்டிலும் போட்டோ எலெக்ட்ரிக், ஒன்றோடொன்று இணைத்தது. ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்க வேண்டும். செட்டிநாட்டுச் சுவரின் தடிமனையும் தேக்குக் கதவையும் தாண்டி அடுத்த அறையில் தூங்குபவருக்குச் சத்தம் கேட்காது. அடுப்படிக்கும் சாம்பிராணி போடும் சாமி அறைக்கும் ஸ்மோக் டிடெக்டரே வேண்டாம். சாம்பிராணிப் புகைக்குப் போட்டோ எலெக்ட்ரிக்கும் கத்தும். அங்கே சுமார் 57 டிகிரியில் இயங்கும் ஹீட் டிடெக்டர். அடுப்படியை அடுத்த நடையில் ஸ்மோக் டிடெக்டர் வைத்தே ஆக வேண்டும் என்றால் போட்டோ எலெக்ட்ரிக்கை அடுப்பிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள்.

அயனைசேஷன் எதற்குமே உதவாதா என்றால், உதவும். அந்த வீட்டில் பழைய கணக்குக் கட்டுகள், அட்டைப்பெட்டி, பெயின்ட், தின்னர் அடைத்த சாமான் அறை இருந்தது. தீப்பிடித்தால் சட்டென்று கொழுந்துவிடும் இடம். சமையல் புகையோ ஆவியோ காற்றோட்டமோ அங்கே எட்டாது. அதற்கு அயனைசேஷன் சரி, இரண்டு உணரியும் சேர்ந்தது இன்னும் சரி. மாட்டிய 14-ல் ஒன்றையாவது அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் தயாரிப்பு ஆண்டு 2014. மாட்டியது 2023. தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுதான் ஆயுள், மாட்டிய நாளிலிருந்து அல்ல.

பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கழற்றிப் பின்பக்கத்தைப் படியுங்கள். "Am-241", "µCi" அல்லது "kBq" என்றோ, மூன்றிதழ்க் கதிரியக்கக் குறியோ இருந்தால் அயனைசேஷன். சில மாடல்களின் முகப்பில் I அல்லது P என்ற எழுத்து இருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சுற்றும் மணியும் வேலை செய்கிறதா என்பது தெரியும், எந்த வகை என்பது தெரியாது. கொட்டேஷனிலேயே வகை, மாடல் எண், தயாரிப்பு மாதம், எந்த அறை என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். "ஸ்மோக் டிடெக்டர் 14 எண்ணம்" என்ற ஒற்றை வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கழற்றிய அயனைசேஷன் டிடெக்டர்களைக் காயலான் கடையில் போடவோ, உடைத்துப் பார்க்கவோ, குப்பையோடு கொளுத்தவோ வேண்டாம். உடையாதவரை அதனால் கெடுதல் இல்லை. இந்தியாவில் இவை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், எடுத்துப்போனதற்கு ரசீதும் வாங்குங்கள்.