சம்பள உயர்வா, பாடநூலா, நிலைவாரிக் குழுவா?

ஒரு சிறிய அறக்கட்டளையின் நிதிக் குழுவில் இருக்கிறேன். தொடக்கப் பள்ளிகளுக்கான பணத்தை எதில் போடுவது என்று முடிவெடுக்கும்போது மூன்று யோசனைகள் வந்தன: ஆசிரியர் ஊதியத்தைக் கூட்டுவது, பாடநூல் வாங்கித் தருவது, பிள்ளைகளை வாசிப்பு நிலைப்படி பிரித்துக் கற்பிப்பது. மூன்றாவதற்குத்தான் கை தூக்கினேன். கட்டடமோ ஆசிரியரோ இல்லாத இடத்தில் முதலில் அதற்குத்தான் பணம் போக வேண்டும், அது வேறு கதை.

ஊதியத்தை இந்தோனேசியா பெரிய அளவில் சோதித்துவிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் அளவுக்கே ஒரு படித்தொகை கூடுதலாகக் கிடைத்தது. 360 பள்ளிகளில், குலுக்கல் முறையில் தேர்ந்தவற்றுக்கு இதை முன்கூட்டியே தந்து பார்த்தார்கள். ஆசிரியர்களின் பணக்கவலை குறைந்தது, பக்கவேலை குறைந்தது. மாணவர் மதிப்பெண் மட்டும் நகரவில்லை. நல்ல சம்பளம் நியாயமானதுதான், ஆனால் பணியில் இருப்பவரின் பாடவேளை அதனால் மாறிவிடாது.

பாடநூல் கென்யாவில் பொய்த்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள்தான் முன்னேறினார்கள். நூல் ஆங்கிலத்தில் இருந்தது, பலரால் அதை வாசிக்கவே முடியவில்லை.

ஆக, முடிவு செய்வது ஒரே விஷயம்: பின்தங்கிய பிள்ளைக்குப் பள்ளி நாளில் தனக்கேற்ற பாடவேளை கிடைக்கிறதா? நிலைவாரி முறையில் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்லி, எழுத்து, சொல், பத்தி, கதை என எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறார்கள். சொல்லில் நிற்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்காருவார்கள்.

இதிலும் பணம் வீணாகலாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பீகாரில் அரசு ஆசிரியர்களோடு நடத்திய கோடை முகாம்களில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே மாநிலத்தில் பள்ளி நாட்களில் பயிற்சியும் பொருட்களும் மட்டும் தந்தபோது பலன் இல்லை. ஆசிரியருக்குத் திறமை இல்லாமல் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே! புதிய முறை அதற்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. அப்புறம் ஹரியானாவில் இதற்கென்றே தினமும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார்கள், மேற்பார்வையாளர்களையும் முதலில் தாங்களே கற்பித்துப் பழக வைத்தார்கள். மொழியில் முன்னேற்றம் தெரிந்தது, கணக்கில் தெரியவில்லை.

அதனால் நாங்கள் பணத்தில் பெரும்பகுதியை வாசிப்பு அட்டை போன்ற பொருட்களுக்கு அல்ல, அந்த ஒரு மணி நேரத்தை நேரில் வந்து பார்ப்பவர்களுக்கு ஒதுக்கினோம். குழுக்கள் மாதக்கணக்கில் மாறாமலே இருந்தால் திட்டம் தாளில்தான் நடக்கிறது என்று பொருள். கற்கும் பிள்ளை அடுத்த குழுவுக்கு ஏறியாக வேண்டும். என் அனுபவம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வரும் மேல்வகுப்புகளில் அந்த ஒரு மணி நேரத்தை யாரிடமிருந்து எடுப்பது என்பதற்கு என்னிடம் விடை இல்லை.